சொல்லாமல் வைத்த போன்

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் காலை ஒன்பது மணிக்குத் தினமும் ஒரே காட்சி. பில் போடுபவர் கணினியில் அன்றைய முதல் பெயரைத் தட்டி அழுத்துவார். திரையில் சிவப்பாக ஒரு பிழை வரும். மறுபடி அழுத்தினால் சில நாள் பில் வந்துவிடும், சில நாள் மூன்றாவது நான்காவது முறைதான் வரும். ஒன்பதே காலுக்குப் பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இராது. "காலைல கொஞ்சம் சூடாகணும் சார், பழைய ஸ்கூட்டர் மாதிரி" என்றார் அவர்.

வங்கி கவுன்ட்டரிலோ மருத்துவமனையிலோ நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். "சர்வர் போயிடுச்சு... இருங்க, வந்துடுச்சு" என்பார்கள். இரண்டு அழுத்தல்களுக்கு இடையிலான ஐந்து விநாடியில் சர்வர் எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது?

அந்தக் கிடங்கின் கணக்குகள் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. தரவுத்தளம் தனக்கு நேர்வதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைப் பிழைப்பதிவு என்போம். என்னை அழைத்தபோது அந்தக் கோப்பு கீழே உள்ளது போன்ற வரிகளால் நிரம்பி வழிந்தது.

```
2024-03-12T16:54:38.207114Z 48213 [Note] [MY-010914] [Server]
Aborted connection 48213 to db: 'marundhu' user: 'billing'
host: '10.0.4.21' (Got an error reading communication packets).
```

48213 என்ற எண்ணுள்ள இணைப்பு முறிந்தது. பேச்சுப் பொட்டலத்தைப் படிக்கும்போது பிழை. இந்த அளவுக்குத்தான் அது சொல்கிறது.

வெச்சிடறேன்

நாம் போனில் பேசி முடிக்கும்போது "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்போம். சொல்லாமல் வைத்தால் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்ப்பார், பிறகு கோபமா, சார்ஜ் தீர்ந்ததா என்று யோசிப்பார்.

மைஎஸ்க்யூஎல்லோடு பேசும் மென்பொருளுக்கும் அப்படி ஒரு வார்த்தை உண்டு. பேச்சு முழுவதும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் நான்கு பைட்டுகள்: முதல் மூன்று உள்ளே இருக்கும் சரக்கின் நீளம், நான்காவது வரிசை எண். விடைபெறும் பொட்டலத்தில் சரக்கு ஒரே ஒரு பைட், அதன் மதிப்பு 1. ஆக மொத்தம் ஐந்து பைட்டுகளில் 'வெச்சிடறேன்' முடிந்துவிடுகிறது.

இந்த ஐந்து பைட்டுகள் வந்து சேர்ந்த பிறகு இணைப்பு மூடினால் தரவுத்தளம் பதிவேட்டில் ஒன்றும் எழுதாது. அவை வராமலே மூடினால், முறிந்த இணைப்பு என்று ஒரு வரி எழுதி, `Aborted_clients` என்ற எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளும். பதிவேட்டைப் பார்த்துப் பதறும் பலர் கவனிக்காத இடம் இது. அந்த வரி ஒரு காரணத்தைச் சொல்வதாக நினைத்துவிடுகிறோம். அதுவோ ஒரு முனையில் இருந்தவரின் வாக்குமூலம் மட்டுமே: 'விடை பெறாமல் போய்விட்டார்.' எதிர்முனையில் ஆள் மயங்கி விழுந்தாரா, அவசரத்தில் கிளம்பினாரா, நடுவில் யாரும் கம்பியை வெட்டினார்களா என்பது அவருக்குத் தெரியாது.

இருந்தாலும் வாக்குமூலத்தில் வார்த்தைகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். `error reading` என்றால், காத்திருக்கும்போது இணைப்பு சட்டென்று மூடியது அல்லது உடைந்தது. `timeout reading` என்றால், மறுமுனை வாயே திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்துத் தரவுத்தளமே வைத்துவிட்டது. அந்தப் பொறுமையின் அளவு `wait_timeout` என்ற அமைப்பில் இருக்கும், யாரும் மாற்றாவிட்டால் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். 8.0.24 முதல் இந்த இரண்டாவது வகைக்கு, பேச்சில்லாததால் துண்டித்தேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். நல்ல மாற்றம்.

எனக்கு முன் வந்த வைத்தியர்கள்

கிடங்குக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் வந்து `max_allowed_packet` என்ற அளவை உயர்த்திவிட்டுப் போனார். ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதன் உச்சவரம்பு அது. அந்த வரம்பைத் தாண்டினால் தரவுத்தளம் அதை வேறு வாசகத்தில் நேரடியாகவே சொல்லும். இங்கே அந்த வாசகம் ஒரு தடவைகூட வரவில்லை. இன்னொருவர் `wait_timeout`-ஐ எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளாக, 86,400 விநாடியாக ஏற்றினார். இதுவும் பயனில்லை, ஏனென்றால் வரிகள் `timeout` என்று சொல்லவே இல்லை, `error` என்றுதான் சொல்கின்றன. மூன்றாமவர் கணினிக்குப் புது நினைவகம் வாங்க வைத்தார். அதைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.

நான்காவது வைத்தியம் ஒன்றும் உண்டு, நல்ல வேளையாக யாரும் செய்யவில்லை. `log_error_verbosity` என்ற அமைப்பை 3-லிருந்து 2-க்குக் குறைத்தால் இந்தக் குறிப்புகள் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். 8.0-இல் இயல்பு நிலையே 2 என்பதால், பல இடங்களில் இணைப்புகள் முறிந்துகொண்டே இருந்தும் பதிவேடு சுத்தமாக இருக்கும். `Aborted_clients` எண்ணிக்கை மட்டும் ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

298 வரிகள்

ஒரு நாளின் வரிகளை மட்டும் தனியே எடுத்தேன். மொத்தம் 298. அவற்றைப் பயனர் பெயர் வாரியாகப் பிரித்ததுமே கூட்டம் இரண்டாக உடைந்தது. 288 வரிகளில் இருந்த பெயர் `stockrep`. பில் போடும் மென்பொருளின் பெயரான `billing` வெறும் பத்து வரிகளில்தான் இருந்தது.

288 என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரு நாளில் 24 மணி நேரம், மணிக்குப் பன்னிரண்டு ஐந்து நிமிடங்கள், பெருக்கினால் 288. நேரங்களைப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஐந்தாம் நிமிடம், பத்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம் என்று, தொடங்கி இரண்டு மூன்று விநாடிக்குள் விழுந்திருந்தது. கடிகாரம் பார்த்து வரும் பழுது எதுவும் எனக்குத் தெரியாது. கடிகாரம் பார்த்து ஓடும் நிரல்தான் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையிருப்பைக் கணக்கெடுக்கும் சின்னப் பைத்தான் நிரல் ஒன்று அங்கே இருந்தது. கேள்வியைக் கேட்கும், பதிலை வாங்கும், இணைப்பை மூடும் `close()` என்ற வரி இல்லாமல் அப்படியே முடிந்துபோகும். நிரல் முடிந்ததும் இயங்குதளம் அதன் கம்பியைப் பிடுங்கிவிடும். வேலையில் ஒரு குறையும் இல்லை, பழக்கத்தில்தான் குறை.

கடைசியில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் மறுநாள் பதிவேட்டில் 288 வரிகள் காணாமல் போயின. காலைப் பிழை மட்டும் அப்படியே இருந்தது. எண்ணிக்கையில் பெரிய காரணத்தை முதலில் துரத்துவது மனித இயல்பு. இங்கே அந்தக் காரணம் யாரையும் வதைக்கவே இல்லை. அது செய்த ஒரே தீமை, மீதிப் பத்து வரிகளைத் தன் கூட்டத்தில் ஒளித்து வைத்திருந்ததுதான்.

(உங்கள் பதிவேட்டில் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `unauthenticated` என்று இருந்தால் அது இன்னொரு வகை. பெரும்பாலும் ஏதோ ஒரு கண்காணிப்புக் கருவி கதவைத் தட்டி, திறந்ததும் பெயரைச் சொல்லாமல் ஓடிப் போகிறது.)

மணி என்ன?

மீதிப் பத்து வரிகளும் 16:54-க்கும் 17:01-க்கும் இடையே. மாலை ஐந்து மணி, கிடங்கில் நெரிசல் மிகுந்த நேரம். நினைவகம் வாங்க வைத்தவர் இதைப் பார்த்துத்தான் 'சுமை தாங்கவில்லை' என்று முடிவு கட்டியிருக்கிறார். ஆனால் மாலை ஐந்து மணிக்கு யாரும் ஒரு பிழையும் பார்த்ததில்லை.

மேலே உள்ள வரியில் நேரத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் `Z` என்ற எழுத்தைப் பாருங்கள். இது உலகப் பொது நேரம் என்பதன் அடையாளம். மைஎஸ்க்யூஎல் இயல்பாகப் பதிவேட்டை அந்த நேரத்தில்தான் எழுதும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுவது. அப்படியானால் 16:54 என்பது நமக்கு இரவு 10:24. 17:01 என்பது 10:31. கிடங்கை எட்டரைக்கே பூட்டிவிடுவார்கள்!

யாரும் இல்லாத இரவில் பத்து இணைப்புகள் முறிகின்றன, காலையில் பிழை வருகிறது. இடையில் பத்தரை மணி நேரம். இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஞாயிற்றுக்கிழமை இரவில் இந்தப் பத்து வரிகள் இல்லை. ஞாயிறு கிடங்குக்கு விடுமுறை. கம்பிக் கோளாறுக்கு ஞாயிறு தெரியுமா?

ஏன் பத்து?

பில் போடும் மென்பொருள் ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக இணைப்பு போடுவதில்லை. பத்து இணைப்புகளைப் போட்டு வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். இதற்குக் கனெக்‌ஷன் பூல் என்று பெயர். ஆட்டோ ஸ்டாண்டு போல, வண்டிகள் வரிசையில் நிற்கும், சவாரி வந்தால் முன்னால் நிற்பது கிளம்பும். பெயர்பெற்ற பூல்கள் பழைய வண்டிகளை அவ்வப்போது தாமாகவே கழித்துக் கட்டும். இங்கே இருந்ததோ பல வருடங்களுக்கு முன் யாரோ கையால் எழுதியது. ஒரு முறை போட்ட இணைப்பு என்றென்றைக்கும் உயிரோடிருக்கும் என்று அது நம்பியது.

இரவு எட்டரைக்குப் பிறகு அந்தப் பத்து இணைப்புகளும் பேச்சற்றுக் கிடக்கும். அவற்றின் கதி என்ன என்று பார்க்க, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்திடம் இதைக் கேட்க ஏற்பாடு செய்தேன்.

```
SELECT id, host, time
FROM information_schema.processlist
WHERE user = 'billing' AND command = 'Sleep'
ORDER BY time DESC;
```

இதில் `time` என்பது அந்த இணைப்பு எத்தனை விநாடியாகச் சும்மா இருக்கிறது என்ற கணக்கு. மறுநாள் காலை பட்டியலைப் பார்த்தேன். எண்கள் 60, 120 என்று ஏறி, 3,600-ஐச் சாதாரணமாகத் தாண்டி, 7,100-ஐத் தொட்டு, 7,190 வரை ஓரிடத்தில் தெரிந்தன. 7,200-ஐத் தாண்டிய எண் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. பத்து இணைப்புகளும் தங்கள் கடைசிக் கேள்விக்குச் சரியாக இரண்டு மணி நேரம் கழித்துச் செத்திருந்தன. பொறுமையின் அளவை ஒரு நாளாக ஏற்றியிருந்த தரவுத்தளத்தில், இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

லைன்ல இருக்கீங்களா?

இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் அடித்தளத்தின் பெயர் டிசிபி. அதில் ஒரு விசித்திரம் உண்டு. பேச்சில்லாத இணைப்பில் கம்பியில் எதுவுமே ஓடாது. ஒரு பைட்கூட இல்லை. ஆகவே எதிரே இருப்பவர் சும்மா இருக்கிறாரா, செத்துப்போனாரா என்பதை மௌனத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

இதற்காகவே, நீண்ட மௌனத்துக்குப் பிறகு "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்கும் வசதி ஒன்று உண்டு. உயிர்விசாரிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எப்போது கேட்பது? 1989-இல் வந்த இணைய விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1122, இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றது. வீண் விசாரிப்பு வலையமைப்பை அடைத்துவிடும் என்ற அச்சம் அன்று நியாயமானது. லினக்ஸ் இன்றும் அதே 7,200 விநாடியை வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் சர்வர் தன் டிசிபி இணைப்புகளில் இந்த வசதியை இயக்கியே வைத்திருக்கும்.

ஆக, இரவு 10:24-க்குத் தரவுத்தளக் கணினி கேட்டிருக்கிறது: லைன்ல இருக்கீங்களா? அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் இணைப்பைக் கொன்றிருக்கிறது. மென்பொருள் ஓடும் கணினியோ இரவு முழுக்க விழித்துத்தான் இருந்தது. அது ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

இரு முனையிலும் காது

தகராறில் இரு தரப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இரண்டு கணினிகளிலும் ஒரே இரவில் `tcpdump` என்ற ஒட்டுக்கேட்கும் கருவியை ஓட விட்டேன். பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால் உள்ளடக்கம் தெரியாது. எனக்கு அது வேண்டியதும் இல்லை. இணைப்பு முடியும் விதம் வெளியுறையிலேயே தெரியும்: முறையாக மூடினால் ஃபின் என்ற முத்திரை, முகத்தில் அடித்தாற்போல மூடினால் ரீசெட் என்ற முத்திரை.

```
tcpdump -i any -nn -w iravu.pcap port 3306
```

தரவுத்தளப் பக்கத்தின் பதிவில் கதை தெளிவாக இருந்தது. இரவு 10:24-க்கு உயிர்விசாரிப்பு கிளம்புகிறது. ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் 10.0.4.21 என்ற முகவரியிலிருந்து ரீசெட் வருகிறது. தரவுத்தளம் உடனே `error reading` என்று எழுதுகிறது. மென்பொருள் இணைப்பை அறுத்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்வார்கள், அனுப்புநர் முகவரி அதுதானே.

மென்பொருள் பக்கத்துப் பதிவைத் திறந்தேன். அதே இரவு, அதே நேரம். ஒன்றுமே இல்லை. விசாரிப்பு வந்து சேரவில்லை, ரீசெட் கிளம்பவும் இல்லை. அந்தக் கணினி அனுப்பாத கடிதம் அதன் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு கணினிகளும் வெவ்வேறு வலைப்பகுதிகளில் இருந்தன, நடுவில் ஒரு ஃபயர்வால். இத்தகைய காவல் கருவி தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்து வைக்கும். அட்டவணைக்கு இடம் அளவுதான் என்பதால், பேச்சில்லாதவற்றை ஒரு நேரத்துக்குப் பிறகு அழித்துவிடும். இங்கே அந்த நேரம் ஒரு மணி. ஆகவே இரவு ஒன்பதரை வாக்கிலேயே பத்து இணைப்புகளையும் அது மறந்துவிட்டது, மறந்ததை இரு முனைகளுக்கும் சொல்லவில்லை. கணக்கில் இல்லாத இணைப்பின் பெயரில் பொட்டலம் வந்தால் ரீசெட் அனுப்பும்படி அதை அமைத்திருந்தார்கள். பத்தரைக்குத் தரவுத்தளம் விசாரித்தபோது அந்தப் பதிலைத் தந்தது. மென்பொருள் விசாரிக்கவே இல்லை. அதன் பூல் அந்த வசதியை இயக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு முதல் பில்லுக்காக அது வாய் திறந்தபோது அதற்கும் அதே ரீசெட்.

சிவப்புப் பிழை அதுதான். மறுபடி அழுத்தினால் வரிசையில் அடுத்த இணைப்பு, அதுவும் பிணம். பிழை வந்த இணைப்புக்குப் பதில் பூல் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். பத்துப் பிணங்களும் யார் யார் கையிலோ அகப்பட்டுக் கழிந்ததும் மென்பொருள் 'சூடாகி' விடுகிறது. முந்திய ஆள் எத்தனை பிணங்களைக் கழித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே உங்களுக்கு இரண்டாம் முறையா நான்காம் முறையா என்பது.

ஃபயர்வால் ரீசெட் அனுப்பாமல் பொட்டலத்தை விழுங்கும் வகையாக இருந்திருந்தால் இன்னும் மோசம். மென்பொருள் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸ் இயல்பில் கைவிடுவதற்கு ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் திரை உறைந்து நிற்கும்.

பத்து நிமிட விதி

ஃபயர்வாலின் ஒரு மணி நேரத்தை நீட்டச் சொல்லலாம். நான் கேட்கவில்லை. அதைப் பராமரிப்பவர் வேறு, அடுத்த வருடம் புதுக் கருவி வந்தால் புது மறதியும் வரும். பூலில் ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னேன்: பத்து நிமிடம் சும்மா கிடந்த இணைப்பை, ஐந்து பைட் விடைபெறலோடு முறையாக மூடிவிடு, வேண்டும்போது புதிதாகப் போட்டுக்கொள். நடுவில் இருப்பவர் மறப்பதற்குள் நாமே வைத்துவிட்டால் அவர் மறதி நம்மைத் தொடாது. இன்னொரு பாதுகாப்பாக, இரண்டு கணினிகளிலும் `net.ipv4.tcp_keepalive_time` என்ற அமைப்பை 7,200-லிருந்து 600-க்கு இறக்கலாம். ஆனால் மென்பொருள் அந்த வசதியைக் கேட்டு வாங்கியிருந்தால்தான் அதன் பக்கத்தில் இது வேலை செய்யும், அதனால் பூல் விதியைத்தான் முதலில் நம்ப வேண்டும். தரவுத்தளக் கணினியின் எண்ணை நான் தொடவே இல்லை.

மறுநாள் காலை முதல் அழுத்தலிலேயே பில் வந்தது. பில் போடுபவர் பழக்க தோஷத்தில் இரண்டாம் முறையும் அழுத்தி, ஒரே கடைக்கு இரண்டு பில் போட்டுவிட்டார்.

பதிவேடு முழுக்கச் சுத்தமாகவில்லை. வாரத்துக்கு ஓரிரு வரிகள் இன்னும் வருகின்றன, கணக்காளரின் மடிக்கணினி முகவரியிலிருந்து. அறிக்கை மென்பொருளை மூடாமல் மூடியை மட்டும் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். தரவுத்தளம் இரண்டு மணி நேரம் காத்திருந்து விசாரிக்கிறது, பதிலில்லை. 75 விநாடிக்கு ஒருமுறையாக ஒன்பது முறை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறது. அந்த வரிகளின் நேரத்தை அவரது கடைசிக் கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: 2 மணி 11 நிமிடம் 15 விநாடி.